எத்தன எழுதின?

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அண்ணா நகரில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. அன்றுதான் சிவில் சர்வீசஸ் மெயின்ஸ் முடிவு வந்தது. பட்டியலில் என் எண்ணைத் தேடினேன். இல்லை. இலக்கம் எதையாவது மாற்றி அடித்துவிட்டேனோ என்று ஒவ்வொன்றாக அடித்து இன்னொரு முறை தேடினேன். அப்போதும் இல்லை.

இந்தத் தேர்வில் ஒரு விசித்திரம் உண்டு. தோற்றது அன்றைக்கே தெரியும். எத்தனை மார்க்கில் தோற்றோம் என்பது தெரிய, மற்றவர்களுக்கு நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்து இறுதிப் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கையில் இருப்பது, எதை எழுதாமல் விட்டோம் என்ற கணக்கு மட்டும்தான்.

பக்கத்து அறை அக்கா அந்தக் கணக்கைத்தான் கேட்டார். மூன்று மெயின்ஸ் எழுதியவர், இரண்டு முறை டெல்லிக்கு நேர்முகத்துக்குப் போய் வந்தவர். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“ஜி.எஸ். ரெண்டுல எத்தனை விட்ட?”

“நாலு கேள்விக்கா. எல்லாம் பதினஞ்சு மார்க்.”

“அறுபது மார்க்கை வாசல்லயே வச்சுட்டு வந்திருக்க. அப்புறம் எண்ணைத் தேடி என்ன பண்றது?”

அன்றிரவு இருவரும் உட்கார்ந்து அந்த மூன்று மணி நேரத்தைக் கூறுபோட்டோம். முதல் மூன்று பொது அறிவுத் தாள்களில் ஒவ்வொன்றுக்கும் 250 மதிப்பெண், 20 கேள்விகள். 10 மதிப்பெண் கேள்விகள் பத்து. விடை 150 சொல்லுக்குள். 15 மதிப்பெண் கேள்விகள் பத்து. விடை 250 சொல்லுக்குள். சின்னக் கேள்விக்கு ஏழு நிமிடம், பெரிய கேள்விக்குப் பதினொரு நிமிடம் என்று வைத்தால் எழுபதும் நூற்றுப்பத்தும் சேர்ந்து சரியாக 180 நிமிடம். தண்ணீர் குடிக்கக்கூட மிச்சம் இல்லை. நானோ முதல் ஐந்து கேள்விக்குத் தலா பதினொரு நிமிடம் கொடுத்திருந்தேன். தெரிந்த கேள்விகள் என்ற குஷி. அதிலேயே 55 நிமிடம் போயிற்று. அடுத்த ஐந்துக்கு ஒன்பது நிமிடம் வீதம் 45. பெரிய கேள்விகள் பத்துக்கும் எஞ்சியது 80 நிமிடம். ஒன்றுக்குப் பதின்மூன்று நிமிடம் வீதம் ஆறு எழுதியதும் மணி அடித்துவிட்டது. விட்ட நான்கும் தெரியாத கேள்விகள் அல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தேன். காலை ஐந்து முதல் இரவு பதினொன்றுவரை, மணிக்கு மணி, நான்கு நிறப் பேனாவில். செய்தித்தாளுக்கு இரண்டரை மணி நேரம். பாட நோட்டு நான்கு. கரண்ட் அஃபேர்ஸ் நோட்டு தனியாக மாதத்துக்கு ஒன்று. ஆன்சர் ரைட்டிங் என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை. சிலபஸ் முடிந்த பிறகு எழுதிப் பழகலாம் என்று நினைத்திருந்தேன். பிரிலிம்ஸ் முடிந்து ஆகஸ்டில் ஒரு டெஸ்ட் சீரிஸில் சேர்ந்தபோதுதான் முதல் முழுத் தாளை எழுதினேன். மெயின்ஸ் செப்டம்பரில்.

சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து அம்மா தினமும் இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுவாள். “சாப்பிட்டியா?” அடுத்தது, “இன்னைக்கு எத்தன மணி நேரம் படிச்ச?” பத்து என்றால் சந்தோஷப்படுவாள், பன்னிரண்டு என்றால் கவலைப்படுவாள். நானும் என்னை அந்த மணிக்கணக்கில்தான் அளந்துகொண்டிருந்தேன்.

அக்கா அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. அதன் அடியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். “இந்த வாரம் முடியும்போது உன் கையில என்ன இருக்கும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. மணி நேரங்கள் இருக்கும், அடிக்கோடிட்ட பக்கங்கள் இருக்கும். ஒரு கேள்வியை ஏழு நிமிடத்தில் எழுதி முடிக்கும் கை இருக்காது.

மறுநாள் சனிக்கிழமை தொடங்கிய வேலைதான் என் வாரத் திட்டம். அதன் அடிப்படை மிக எளிது. சிலபஸ், செய்தி, விடை எழுதுதல் மூன்றும் மூன்று பாடங்கள் அல்ல. ஒரே வரியின் மூன்று நிலைகள். தேர்வாணையத்தின் மெயின்ஸ் பாடத்திட்டம் வரிவரியாக இருக்கும். முதல் மூன்று பொது அறிவுத் தாள்களின் வரிகளை எண்ணிப் பார்த்தேன், ஐம்பது சொச்சம். ஒரு வாரத்துக்கு இரண்டு வரி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த வரிகளுக்கான அடிப்படைப் படிப்பு. வியாழன் பிற்பகல் வேண்டுமென்றே காலி. வெள்ளி மாலை அந்த வாரத்துச் செய்திகளைச் சேர்ப்பது. சனிக்கிழமை, 2013 முதல் வந்த பழைய கேள்விகளில் அந்த வரியிலிருந்து கேட்டவற்றைத் தேடிப் பிடித்து விடைக்குச் சட்டகம் போடுவது. தினமும் மாலை மூன்று மணி நேரம் ஆப்ஷனலுக்கு; என்னுடையது தமிழ் இலக்கியம்.

எழுத்துக்கு இடம் காலையில். திங்கள் முதல் சனிவரை, செய்தித்தாளைத் தொடுவதற்கு முன், முந்தைய வாரத்து வரிகளிலிருந்து இரண்டு விடை. ஒன்று ஏழு நிமிடம், ஒன்று பதினொரு நிமிடம். பிறகு இருபது நிமிடம் நானே திருத்துவது. மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த வாரம் படித்ததை அடுத்த வாரம் எழுதுவது அக்கா சொன்ன யோசனை. படித்த சூட்டில் எழுதினால் புத்தகம் பேசும். ஒரு வாரம் ஆறிய பின் எழுதினால் மண்டையில் என்ன தங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஞாயிறு காலை அரைத் தாள்: ஐந்து சின்னது, ஐந்து பெரியது, 90 நிமிடம். ஆக வாரத்துக்கு 22 விடை. ஞாயிறு மதியத்துக்கு மேல் துணி துவைப்பதும் தூங்குவதும்தான்.

முதல் வாரம் எடுத்த இரண்டு வரிகளில் ஒன்று ஜி.எஸ். இரண்டில் வரும் கூட்டாட்சி வரி. ஒன்றிய, மாநில அரசுகளின் பொறுப்புகள், கூட்டாட்சி அமைப்பின் சிக்கல்கள், அதிகாரமும் நிதியும் கீழ்மட்டம்வரை பகிரப்படுவது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். அதை எடுத்ததற்குக் காரணம், முடிவு வந்த அன்றைக்குக் காலைச் செய்தித்தாள். மிக்ஜாம் பாதிப்புக்காக மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் இரண்டாம் தவணையாக ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு 450 கோடி ரூபாய் விடுவிக்கிறது என்று செய்தி. பழைய நானாக இருந்தால் புயலின் பெயர், தேதி, தொகை, யார் என்ன சொன்னார் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன். மெயின்ஸில் அது எதையும் கேட்கமாட்டார்கள்.

இப்போது செய்தித்தாளுக்கு ஒரு மணி நேரம்தான். பக்கத்தில் சிலபஸ் தாள் விரித்திருக்கும். எந்த வரியிலும் தொங்கவிட முடியாத செய்தியை வாசித்துவிட்டுப் போய்விடலாம், எழுதக் கூடாது. தொங்குகிற செய்தியென்றால் தாளின் ஓரத்தில் வரி எண்ணைப் போட்டு வெட்டி, ஒரு உறையில் போட்டு வைப்பேன். அன்றைக்கே நோட்ஸ் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தால், திங்களன்று தலைபோகிற செய்தியாகத் தெரிந்ததில் பாதி தானாகவே உதிர்ந்திருக்கும்.

நோட்டுகளையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஏ4 தாள், தனித்தாளாக. நடுவில் கோடு. இடப்பக்கம் மாறாதது, வலப்பக்கம் மாறுவது. அந்த 450 கோடி வலப்பக்கம் ஏறியது. அதை விளங்கிக்கொள்ளத் தேவையானதை இடப்பக்கம் எழுத மூன்று நாள் படிக்க வேண்டியிருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி இரண்டு நிதிகள் இருக்கின்றன. மாநில நிதிக்கு எவ்வளவு என்பதை அரசியலமைப்பின் 280ஆம் உறுப்பின்கீழ் அமைக்கப்படும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. அதில் முக்கால் பங்கு ஒன்றியத்துடையது, கால் பங்கு மாநிலத்துடையது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் ஒன்றியப் பங்கு 90 விழுக்காடு. அது போதாத அளவுக்குக் கடும் பேரிடர் என்றால் தேசிய நிதியிலிருந்து கூடுதல் தொகை வரும். அதற்கு மாநிலம் கோரிக்கை மனு கொடுக்க, ஒன்றியக் குழு வந்து பார்க்க, பிறகு டெல்லியில் முடிவாக வேண்டும். இரண்டு நிதியும் உடனடி நிவாரணத்துக்கானவை. இழப்பு முழுவதையும் ஈடுகட்ட அல்ல.

இதைப் படித்த பிறகுதான் செய்தியே புரிந்தது. அந்த 450 கோடி புயலுக்கென்று புதிதாக ஒதுக்கியது அல்ல. அந்த ஆண்டுக்கு எப்படியும் வரவேண்டிய ஒன்றியப் பங்கின் இரண்டாம் தவணை. அதே நாட்களில் ‘தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்’ என்ற கோரிக்கையும் செய்திகளில் அடிபட்டது. சட்டத்தில் அப்படி அறிவிக்கும் நடைமுறையே இல்லை என்பது இடப்பக்கத்தில் நான் எழுதிய கடைசி வரி.

அடுத்த திங்கள் காலை ஆறு மணிக்கு அந்தக் கூட்டாட்சி வரியிலிருந்து அக்காவே ஒரு கேள்வி போட்டார். “பேரிடர் நிவாரண நிதிப் பகிர்வு கூட்டாட்சி உறவைச் சோதிக்கிறது. ஆய்க.” பத்து மதிப்பெண், ஏழு நிமிடம். கைப்பேசியில் மணி வைத்துவிட்டு எழுதினேன். பேரிடர் என்றால் என்ன என்ற இலக்கணம் மூன்று வரி. மிக்ஜாம் வந்து போன கதை ஐந்து வரி. பிறகு இரண்டு நிதிகளின் அறிமுகம். கூட்டாட்சி என்ற சொல்லைத் தொட்டபோது மணி அடித்தது. முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

அக்கா முதல் பத்தியின்மேல் குறுக்குக் கோடு போட்டார். “கேள்வி புயலைப் பத்தியா, கூட்டாட்சியைப் பத்தியா? திருத்துறவர் ரெண்டாம் பக்கம் வர்ற வரைக்கும் நீ எதுக்கு விடை எழுதுறன்னே தெரியலயே.”

அதே கேள்வியைப் புதன்கிழமை திரும்ப எழுதினேன். இந்த முறை முதல் ஒரு நிமிடம் பேனா தாளில் படவில்லை. கேள்வியில் ‘நிதிப் பகிர்வு’, ‘சோதிக்கிறது’ என்ற இரண்டு இடத்தையும் வட்டமிட்டேன். தொடக்கம் இரண்டே வரி: “பேரிடரை முதலில் எதிர்கொள்வது மாநிலம், அதற்கான பணத்தின் பெரும்பகுதி ஒன்றியத்திடம். இந்த இடைவெளியில்தான் உரசல் பிறக்கிறது.” அதன் கீழே உரசும் இடங்கள் மூன்று. மாநில நிதியின் அளவு ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது, புயல் அந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. தேசிய நிதியிலிருந்து எவ்வளவு, எப்போது என்பது ஒன்றியத்தின் முடிவு. விதிமுறைகள் உடனடி நிவாரணத்தோடு நின்றுவிட, மறுகட்டுமானச் செலவு மாநிலத்தின் தலையில் விழுகிறது. இந்த மூன்றாவதற்கு மிக்ஜாம் ஒரே வரியில் உதாரணமாக வந்தது. பிறகு ‘ஆய்க’ என்றதற்காக மறுபக்கமும்: பொது நிதியை ஒரு கை பகிர்ந்தால்தான் ஏழை மாநிலத்துக்கும் பங்கு கிடைக்கும், செலவுக்குக் கணக்குக் கேட்கவும் முடியும். முடிவாக, சேத மதிப்பீட்டுக்குக் கால வரம்பு, தடுப்புப் பணிக்குக் கூடுதல் நிதி. எட்டு நிமிடம். இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது. கூடுதலாக நான் ஒன்றும் படித்துவிடவில்லை. திங்களன்று எழுதிய அதே தகவல்கள், கேள்வி கேட்ட வரிசையில் நின்றன, அவ்வளவுதான்.

சுயமாகத் திருத்துவதற்கு மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன். கேள்வியின் எல்லாப் பகுதிக்கும் விடையில் இடம் இருக்கிறதா? முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்தால் கேள்வி என்னவென்று ஊகிக்க முடிகிறதா? எத்தனை நிமிடம்? மூன்றாவதை ஒவ்வொரு விடையின் மூலையிலும் சிவப்பில் எழுதுவேன். பன்னிரண்டு, பத்து, பத்து, ஒன்பது என்று அந்த எண் இறங்கியதைப் பார்க்க ஆறு வாரம் ஆயிற்று.

நான் தேர்வைத் தமிழில் எழுதுபவள். அதற்கென்று தனியாக ஒரு நிமிடம் தேவைப்பட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் விடை எழுதலாம். ஆனால் பொது அறிவுத் தாள்களின் கேள்விகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். ‘டிஸ்கஸ்’ என்றால் பல பக்கத்தையும் வை, ‘கிரிட்டிக்கலி எக்ஸாமின்’ என்றால் இரு பக்கத்தையும் எடைபோட்டு உன் முடிவைச் சொல் என்று ஒரு சிறு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினேன். ஆங்கிலத்தில் மட்டும் பழகிய கலைச்சொல்லுக்குத் தமிழ் தேடிப் பேனா நின்றுவிடும். தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் அடைப்புக்குறிக்குள் தர விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் அந்தத் தமிழ்ச் சொல்லை ஏ4 தாளின் இடப்பக்கத்தில் அன்றைக்கே முடிவுசெய்து எழுதிவிட்டால்தான் தேர்வறையில் கை ஓடும் என்பதை இந்தக் காலை எழுத்துதான் காட்டிக்கொடுத்தது.

திட்டம் குலையாமலா இருந்தது? மூன்றாவது வாரமே காய்ச்சல். நான்கு நாள் போயிற்று. பழைய வழக்கப்படி விட்டதையெல்லாம் அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றினேன். நான்கு வரி, பதினாறு விடை பாக்கி. அந்த வாரமும் குலைந்தது. அக்கா ஒரு விதி போட்டார். விட்டதை வியாழன் பிற்பகலில் எடுக்கலாம். அதற்குள் அடங்காதது பட்டியலின் கடைசிக்குப் போகும், அடுத்த வாரத்துக்கு வராது. விட்ட விடைகளுக்கோ கடனே கிடையாது. போன காலை போனதுதான். இந்த விதி வந்த பிறகு, வியாழன் பிற்பகல் ஏன் காலியாக இருக்க வேண்டும் என்பது புரிந்தது. தொடர்ந்து மூன்று வியாழன் நிரம்பி வழிந்தால், என் சோம்பேறித்தனத்தைத் திட்டுவதற்கு முன்னால், வரி ஒன்று பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ‘இந்தியப் பொருளாதாரம், திட்டமிடல், வளர்ச்சி, வேலைவாய்ப்பு’ என்று ஒரே வரியாக அச்சிட்டிருந்ததை அப்படித்தான் மூன்றாக உடைத்தேன்.

இன்னொரு பிழை மெதுவாகத் தெரிந்தது. பிப்ரவரியில் வேகம் வந்துவிட்டது. ஆனால் எல்லா விடையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. எந்தக் கேள்விக்கும் முடிவில் விழிப்புணர்வு, தொழில்நுட்பம், மக்கள் பங்கேற்பு. ஞாயிறு அரைத் தாளை விடுதியில் இன்னொருத்தியோடு மாற்றிக்கொள்ளத் தொடங்கினோம். கேள்வியை மறைத்துவிட்டு என் கடைசிப் பத்தியை மட்டும் வாசித்து, எதைப் பற்றிய விடை என்று அவள் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு பத்தில் மூன்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

இந்தத் திட்டம் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. மார்ச் முடிவில் காலை எழுத்தை நிறுத்தினேன். பிரிலிம்ஸ் வேறு ஆட்டம். நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவு. அங்கே எழுதும் கைக்கு வேலை இல்லை. மக்களவைத் தேர்தலால் மே 26இலிருந்து ஜூன் 16க்குத் தள்ளிப்போன அந்தத் தேர்வு முடியும்வரை காலைகள் கொள்குறி வினாக்களுக்கும் சிசாட் தாளுக்கும் போயின. அரைத் தாள் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இருந்தது. ஜூன் 17 காலை மறுபடி உட்கார்ந்தபோது ஏழு நிமிட விடைக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பத்து நாளில் பழைய வேகம் திரும்பியது. முழுதாக விட்டிருந்தால் போன ஆண்டைப் போல ஆகஸ்டில் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கியிருப்பேன்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த முறை நேர்முகம்வரை போனேன். 2025 ஏப்ரலில் வந்த இறுதிப் பட்டியலில் என் எண் இல்லை. இன்று மாநில அரசுப் பணியில் இருக்கிறேன். ஆகவே இது வென்றவளின் திட்டம் அல்ல. ஆனால் ஜி.எஸ். இரண்டில் முந்தைய ஆண்டு 78 வாங்கியவள் 106 வாங்கினேன். படித்த புத்தகங்கள் இரண்டு ஆண்டும் அதேதான்.

நடுவில் எப்போதோ அம்மாவிடம், “இனிமே மணி நேரத்தைக் கேக்காதம்மா, எத்தன எழுதினன்னு கேளு” என்று சொல்லியிருந்தேன். காரணம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அப்படியே கேட்டாள். இரண்டு என்பேன். சில நாள் ஒன்று என்பேன். ஒன்றுமில்லை என்ற நாளில், “சரி, நாளைக்கு எழுது” என்று வைத்துவிடுவாள்.

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை. காலையில் ஜி.எஸ். ஒன்று, பிற்பகலில் ஜி.எஸ். இரண்டு. தேர்வு மையத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடுவிரலில் பேனா அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. ஒன்பது மணிவரை பொறுக்க முடியாமல் அம்மா அன்றைக்கு ஆறு மணிக்கே கூப்பிட்டாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

“எத்தன எழுதின?”

“தாளுக்கு இருபதும்மா.”

“அது நெறையவா, கொஞ்சமா?”

“அவ்வளவுதாம்மா இருந்துச்சு.”